எட்டா, ஒன்பதா, பன்னிரண்டா: பிரிவு 38-ஐப் படத்திலிருந்து பட்டியலாக்கிய பதிவு

சிங்கப்பூர் வேலை நியமனச் சட்டத்தில் வேலை நேரத்தைப் பற்றிப் பேசும் பிரிவு 38-ஐ, கைபேசியில் எடுத்த இரண்டு படங்களிலிருந்து ஒரே தாளில் அடங்கும் பட்டியலாக மாற்றும் வேலை ஒருவழியாக முடிந்திருக்கிறது. துவாஸ் பக்கம் ஒரு கிடங்கில் பொட்டலம் கட்டும் வேலை பார்க்கும் என் அக்காள் மகன், ஓய்வறைச் சுவரில் ஒட்டியிருந்த தாள்களைப் படமெடுத்து அனுப்பி, "மாமா, இதில் எட்டு மணி நேரம் என்று போட்டிருக்கிறான், கீழே ஒன்பது என்கிறான், அடுத்த பக்கத்தில் பன்னிரண்டு என்கிறான். எனக்கு எது?" என்று கேட்டிருந்தான். மூன்றும் அவனுக்கு உரியவையே. எந்த எண் எந்தச் சூழ்நிலையில் பொருந்தும், அதை மீறினால் என்ன ஆகும் என்பதைப் பிரித்துக் காட்டுவதற்குத்தான் பட்டியல் தேவைப்பட்டது. செய்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை படத்தை எழுத்தாக்குவது. தாளின் மேல் பிளாஸ்டிக் உறை இருந்ததால் மேல்விளக்கின் வெளிச்சம் நடுவில் வெள்ளைத் திட்டாக விழுந்து, நான்கு வரிகளை மறைத்திருந்தது. கைபேசியைச் சற்று விலக்கி, ஒருவரைப் பக்கவாட்டில் நிற்கவைத்து விளக்கை மறைத்து மீண்டும் எடுக்கச் சொன்னேன். அதன் பிறகுதான் படம் பயன்பட்டது. சாய்வைச் சரிசெய்ய இமேஜ்மேஜிக், எழுத்தை வாசிக்க டெசராக்ட் ஆகியவற்றைப் பயன்படுத்தினேன். இரண்டும் இலவசம்.

```
convert p1.jpg -colorspace Gray -deskew 40% p1.png
tesseract p1.png p1 --psm 4 -c preserve_interword_spaces=1
```

இரண்டாவது வரியின் கடைசிப் பகுதி முக்கியமானது. அது இல்லாவிட்டால் டெசராக்ட் சொற்களுக்கு இடையிலுள்ள நீண்ட வெற்றிடங்களைச் சுருக்கிவிடுகிறது. சாதாரணக் கடிதத்தில் அதனால் நட்டமில்லை. சட்டப் பிரிவில், ஒரு வரி எவ்வளவு உள்தள்ளி நிற்கிறது என்பதே அது யாருக்குச் சொந்தமான வரி என்பதைச் சொல்லும் ஒரே அடையாளமாகச் சில இடங்களில் அமைந்துவிடுகிறது. அந்தக் கட்டளையும் முழுப் பாதுகாப்புத் தருவதில்லை. ஆகவே வெளிவந்த எழுத்தையும் படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு வரியின் தொடக்கத்தையும் கண்ணால் ஒப்பிட்டேன்.

இந்த ஒப்பீட்டில் கிடைத்த பிழைகளில் பெரும்பாலானவை எண்களில்தான் இருந்தன. ரோமன் எண்களைக் கருவி அரபு எண்களாகவும் சிறிய எல் எழுத்தாகவும் வாசிக்கிறது:

```
(ii)   ->  (11)   (li)
(iii)  ->  (111)  (ili)
(1)    ->  (l)
```

இதை வெறும் எழுத்துப்பிழை என்று விட்டுவிட முடியாது. பிரிவின் பிற்பகுதி, முற்பகுதியை எண்ணால்தான் குறிப்பிடுகிறது. "இரண்டாம், மூன்றாம் பத்திகளில் சொன்னபடி" என்று வரும் இடத்தில் எண் தவறினால் விதிவிலக்கு வேறொரு விதியின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் முதலில் எல்லா எண்களையும் மட்டும் திருத்தி முடித்தேன். சொற்களைப் பிறகு பார்த்தேன்.

உள்தள்ளல் ஏன் முக்கியம் என்பதற்கு உட்பிரிவு (4) நல்ல சான்று. கூடுதல் நேர ஊதியத்தைப் பற்றிய அந்த உட்பிரிவில் இரண்டு கூறுகள் உள்ளன: ஒன்று நாள் வரம்பைத் தாண்டுவது, மற்றது வார வரம்பைத் தாண்டுவது. இரண்டாவது கூறு முடிந்ததும், "அவருக்கு அடிப்படை மணிநேர ஊதியத்தின் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும்" என்னும் பொருளில் ஒரு வரி வருகிறது. அச்சில் இந்த வரி கூறுகளின் உள்தள்ளலில் இல்லாமல் இடது ஓரத்துக்குத் திரும்பி நிற்கிறது. அதாவது அது இரண்டு கூறுகளுக்கும் பொது. உள்தள்ளல் தொலைந்த எழுத்தில் அது இரண்டாவது கூறின் வாலாகத் தெரியும். அப்படி வாசித்தால் வார வரம்பைத் தாண்டியவருக்கு மட்டுமே ஒன்றரை மடங்கு என்று ஆகி, ஒரே நாளில் பதினொரு மணி நேரம் உழைத்து வாரக் கணக்கில் நாற்பத்து நான்குக்குள் நின்றவருக்கு ஒன்றும் இல்லை என்ற தவறான முடிவு வரும். இப்படி ஓரத்துக்குத் திரும்பும் வரிகளையெல்லாம் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டேன்.

அடுத்து, படத்திலுள்ள உரை இன்றைக்குச் செல்லுமா என்ற கேள்வி. தாளின் மேல்விளிம்பில் சட்டத்தின் பெயரோடு "அதிகாரம் 91" என்று அச்சாகியிருந்தது. அது பழைய பதிப்பின் அடையாளம். 2021 டிசம்பர் 31-ல் நடைமுறைக்கு வந்த 2020 திருத்தப் பதிப்பிலிருந்து அதிகார எண்கள் போய்விட்டன. இப்போது அது வேலை நியமனச் சட்டம் 1968 என்றே வழங்குகிறது. திருத்தப் பதிப்பு பொருளை மாற்றுவதில்லை, நடையைத்தான் சீர்செய்கிறது. ஆனால் பழைய தாள் அச்சானதற்கும் திருத்தப் பதிப்புக்கும் இடையே நாடாளுமன்றம் செய்த மாற்றங்கள் வேறு வகை. எடுத்துக்காட்டாக, உடலுழைப்புத் தொழிலாளர் அல்லாத ஊழியருக்கு, பிரிவு 38 அடங்கிய நான்காம் பகுதி பொருந்துவதற்கான மாதச் சம்பள உச்சம் 2,000 வெள்ளியிலிருந்து 2014 ஏப்ரலில் 2,500 ஆகவும், 2019 ஏப்ரலில் 2,600 ஆகவும் உயர்ந்தது. ஆகவே படத்தை எந்தப் பிரிவு என்று அடையாளம் காண்பதற்கும், சுவரில் என்ன ஒட்டியிருக்கிறது என்பதற்குச் சான்றாகவும் வைத்துக்கொண்டு, பட்டியலுக்கான உரையை, சிங்கப்பூர்ச் சட்டங்களை அரசு வெளியிடும் sso.agc.gov.sg தளத்தின் நடப்புப் பதிப்பிலிருந்து எடுத்தேன். நல்வாய்ப்பாக, பிரிவு 38-ன் நேர வரம்புகள் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தன.

பட்டியலின் முதல் வடிவம் சட்டத்தின் வரிசையையே பின்பற்றியது: உட்பிரிவுக்கு ஒரு வரி, அதன் கீழ் வரம்புரைகள், அதாவது 'ஆனால் இந்த நிலையில் இப்படி' என்று விதியைத் தளர்த்தும் வரிகள். படிக்க எளிதாகத்தான் இருந்தது. ஆனால் கேள்விக்கு விடை தரவில்லை. காரணம், உட்பிரிவு (1)-ன் அமைப்பு. அதில் ஏ கூறு இடைவெளி இல்லாமல் தொடர்ந்து ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்கிறது. பி கூறு நாளுக்கு எட்டு, வாரத்துக்கு நாற்பத்து நான்கு மணி நேரம் என்கிறது. அதற்குப் பிறகு நான்கு வரம்புரைகள் ஒரே கொத்தாக வருகின்றன. அச்சில் நான்கும் பி கூறின் கீழே தொங்குவதுபோல் தெரிந்தாலும், ஒவ்வொன்றும் தளர்த்தும் எண் வேறு.

இதைப் பிரிக்க எளிய சோதனை ஒன்று உதவியது. ஒவ்வொரு வரம்புரையின் பக்கத்திலும், "இது எந்த எண்ணைத் தளர்த்துகிறது? எந்த எண்ணைத் தொடாமல் விடுகிறது?" என்று இரண்டு விடைகளை எழுதினேன்.

முதல் வரம்புரை, நிறுத்தாமல் நடக்க வேண்டிய வேலையில் இருப்பவரைத் தொடர்ந்து எட்டு மணி நேரம் வேலை வாங்கலாம் என்கிறது. அந்த எட்டுக்குள் சாப்பிடுவதற்கு மொத்தம் 45 நிமிடங்களுக்குக் குறையாத வாய்ப்பு இருக்க வேண்டும். இது தளர்த்துவது ஏ கூறின் ஆறு மணி நேரத்தை மட்டுமே. இரண்டாம் வரம்புரை, வாரத்தில் சில நாள்களில் எட்டு மணிக்குக் குறைவாக வேலை என்று ஒப்பந்தத்தில் உடன்பாடு இருந்தால், மற்ற நாள்களில் எட்டைத் தாண்டலாம் என்கிறது. மூன்றாம் வரம்புரை, வாரத்துக்கு ஐந்து நாளுக்கு மேல் வேலை இல்லை என்ற உடன்பாடு இருந்தால் அதேபோல் எட்டைத் தாண்டலாம் என்கிறது. இரண்டிலும் நாள் உச்சம் ஒன்பது. வார உச்சம் நாற்பத்து நான்கு அப்படியே நிற்கிறது. நான்காம் வரம்புரை மட்டும்தான் வாரக் கணக்கைத் தொடுகிறது: ஒன்றுவிட்டு ஒரு வாரம் நாற்பத்து நான்குக்குக் குறைவாக வேலை என்ற உடன்பாடு இருந்தால், மற்ற வாரத்தில் நாற்பத்தெட்டு வரை போகலாம், ஆனால் தொடர்ச்சியான எந்த இரண்டு வாரத்திலும் மொத்தம் 88-ஐத் தாண்டக் கூடாது.

நான்காம் வரம்புரையில் 48, 88 என்ற இரண்டு எண்களும் ஒருங்கே நிறைவேற வேண்டும் என்பதைப் பட்டியலில் தனித்துக் காட்டினேன். ஒரு வாரம் நாற்பது என்றால் மறு வாரம் நாற்பத்தெட்டு ஆகலாம். ஒரு வாரம் நாற்பத்திரண்டு என்றால், மறு வாரம் நாற்பத்தாறோடு நின்றுவிடும். 48 என்ற எண்ணை மட்டும் பார்ப்பவர் அங்கே இரண்டு மணி நேரம் கூடுதலாகக் கொடுத்துவிடுவார்.

வரம்புரைகளைப் பிரித்த பிறகும் எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் உள்ள உறவு விளங்கவில்லை. அதற்கு உட்பிரிவுகளின் வினைச்சொற்களைத் தனித்தனி நிறத்தில் குறிக்க வேண்டியிருந்தது. உட்பிரிவு (1), ஒப்பந்தத்தின்படி இவ்வளவுக்கு மேல் வேலை செய்யும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. உட்பிரிவு (4), முதலாளியின் வேண்டுகோளின்பேரில் அந்த வரம்புக்கு மேல் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு கொடு என்கிறது. உட்பிரிவு (5), மாதத்துக்கு 72 மணி நேரத்துக்கு மேல் கூடுதல் நேரம் செய்ய அனுமதிக்கவே கூடாது என்கிறது. உட்பிரிவு (8), குறிப்பிட்ட சில நிலைமைகள் நீங்கலாக, எந்தச் சூழ்நிலையிலும் எவரும் ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்கிறது.

ஆக, எட்டு அல்லது ஒன்பது என்பது கட்டாயத்தின் எல்லை. அதற்கு மேல் கேட்கலாம், ஊழியர் ஒப்புக்கொள்ளலாம், கேட்டவர் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். பன்னிரண்டு என்பது சம்மதத்துக்கும் அப்பாற்பட்ட எல்லை. ஊழியரே விரும்பி, ஓவர்டைம் பணம் வேண்டும் என்று நின்றாலும் அங்கே கதவு மூடிவிடுகிறது. இந்த வேறுபாட்டைப் பிடித்ததும் பட்டியலின் அமைப்பே மாறிவிட்டது: உட்பிரிவு எண்ணின் வரிசையை விட்டுவிட்டு, கட்டாயம், வேண்டுகோள், அனுமதி, முழுத்தடை என்ற நான்கு தலைப்புகளில் அடுக்கினேன். எண்களுக்குள் இருந்த முரண் அதோடு தீர்ந்தது.

அடுத்தது உட்பிரிவு (2)-ன் விதிவிலக்குகள். உட்பிரிவு (1)-ன் வரம்பை மீறியும், ஓய்வு நாளிலும் வேலை செய்யச் சொல்லக்கூடிய ஆறு நிலைமைகளை அது அடுக்குகிறது: நடந்த அல்லது நடக்கவிருக்கும் விபத்து, சமூக வாழ்வுக்கு இன்றியமையாத வேலை, தற்காப்பு அல்லது பாதுகாப்புக்கு இன்றியமையாத வேலை, இயந்திரத்தில் செய்ய வேண்டிய அவசர வேலை, முன்கூட்டியே அறிய முடியாத வேலைத் தடங்கல், கடைசியாக, எஃப் கூறில், சிங்கப்பூர்ப் பொருளியலுக்கு இன்றியமையாத தொழில் நிறுவனங்கள் அல்லது அத்தியாவசியச் சேவைகளின் வேலை.

அவசர வேலை என்றால் எல்லா வரம்பும் போய்விடும் என்று பலர் நினைப்பது இந்த இடத்தில்தான் இடறுகிறது. உட்பிரிவு (2) தன்னுடைய வாசகத்தின்படி நீக்குவது உட்பிரிவு (1)-ன் வரம்பை மட்டுமே. ஒன்றரை மடங்கு ஊதியத்தை அது நீக்கவில்லை. 72 மணி நேர மாத உச்சத்தையும் நீக்கவில்லை. பன்னிரண்டு மணி நேரத் தடையை நீக்குவது உட்பிரிவு (8)-ன் தொடக்கத்திலுள்ள விலக்கு. அதுவோ உட்பிரிவு (2)-ன் முதல் ஐந்து கூறுகளை மட்டும் பெயர்சொல்லி அழைத்து, எஃப் கூறை விட்டுவிடுகிறது. பொருளியலுக்கு இன்றியமையாத ஆலை என்ற காரணத்தால் எட்டைத் தாண்டலாம், பன்னிரண்டைத் தாண்ட முடியாது. விதிவிலக்குகளை ஒரே பெட்டியில் போட்டு "அவசர நிலைமைகள்" என்று தலைப்பிட்டிருந்தால் இந்த ஓர் எழுத்து வேறுபாடு காணாமல் போயிருக்கும். அதனால் ஆறு விதிவிலக்குகளையும் வரிசைகளாகவும், நான்கு வரம்புகளைப் பத்திகளாகவும் வைத்து ஒரு கட்டம் வரைந்து, ஒவ்வொரு கட்டத்திலும் "நீக்கும்" அல்லது "நீக்காது" என்று எழுதினேன். வெற்றுக் கட்டம் எதுவும் இருக்கக் கூடாது என்பது எனக்கு நானே வைத்த விதி.

உட்பிரிவு (9) தீயணைப்புப் பணியாளர்களையும், இயல்பிலேயே நீண்ட நேரம் வேலையின்றிக் காத்திருக்க வேண்டிய பணிகளில் இருப்பவர்களையும் இந்தப் பிரிவிலிருந்தே வெளியே வைக்கிறது. அது படத்தின் கடைசியில் சிறிதாக நிற்கிறது. பட்டியலில் தலைக்குப் போயிற்று. பிரிவே பொருந்தாதவர் எட்டு, ஒன்பது என்று எண்ணிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் தண்டனை என்ற தலைப்பின் கீழ் எழுத ஒன்றும் இல்லை, ஏனென்றால் பிரிவு 38-க்குள் தண்டனை இல்லை. படத்துக்கு வெளியே தேட வேண்டியவை தண்டனையோடு நிற்கவுமில்லை. தண்டனை பிரிவு 53-ல், நான்காம் பகுதி முழுவதற்கும் பொதுவாக இருக்கிறது. யாருக்குப் பொருந்தும் என்பது பிரிவு 35-ல்: மாதம் 4,500 வெள்ளிக்கு மேற்படாத சம்பளம் பெறும் உடலுழைப்புத் தொழிலாளர்; 2,600 வெள்ளிக்கு மேற்படாத சம்பளம் பெறும் மற்ற ஊழியர், நிர்வாக அதிகாரிகள் நீங்கலாக. இந்தச் சம்பளக் கணக்கில் கூடுதல் நேர ஊதியம், போனஸ், படிகள் சேரா. வேலை நேரம் என்றால் என்ன என்பது பிரிவு 2-ல்: ஓய்வுக்கும் சாப்பாட்டுக்கும் விடும் இடைவேளை அதில் சேராது. மணிநேர ஊதியத்தைக் கணக்கிடும் முறைக்கு உட்பிரிவு (6) நம்மைச் சட்டத்தின் இறுதியிலுள்ள அட்டவணைக்கு அனுப்புகிறது. முறைமாற்று வேலைக்குப் பிரிவு 40 தனிக் கணக்கு வைத்திருக்கிறது. அங்கே தொடர்ச்சியான மூன்று வாரங்களின் சராசரி வாரத்துக்கு 44 மணி நேரத்தைத் தாண்டாமல் இருந்தால் போதும், ஆனால் அங்கும் பன்னிரண்டு மணி நேரத் தடை உண்டு.

பட்டியலில் இப்படி வெளியிலிருந்து வந்த வரிகளுக்குப் பக்கத்தில் பிரிவு எண்ணைப் பச்சை நிறத்தில் போட்டேன். படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர் "இது தாளில் இல்லையே" என்று குழம்பாமல் இருக்க இது உதவும். முடிவில் தாள் இப்படி நின்றது. கட்டத்தைத் தவிர்த்துச் சுருக்கமாகத் தருகிறேன்.

யாருக்கு: பிரிவு 35-ன் சம்பள உச்சத்துக்குள் இருப்பவர். தீயணைப்பு, காத்திருப்புப் பணி எனில் பிரிவு 38 பொருந்தாது. முறைமாற்று வேலை எனில் பிரிவு 40-ஐயும் பார்க்க.

கட்டாயப்படுத்தும் எல்லை: தொடர்ந்து 6 மணி, நாளுக்கு 8, வாரத்துக்கு 44. நிறுத்த முடியாத வேலை எனில் 6 என்பது 8 ஆகும், 45 நிமிடச் சாப்பாட்டு வாய்ப்போடு. சில நாள் குறைந்த நேரம் அல்லது ஐந்து நாள் வாரம் என ஒப்பந்தத்தில் இருந்தால் 8 என்பது 9 ஆகும், 44 மாறாது. ஒன்றுவிட்டு ஒரு வாரம் 44-க்குக் குறைவு என ஒப்பந்தத்தில் இருந்தால் மறு வாரம் 48, இரண்டு வாரத்தில் 88.

வேண்டுகோளின்பேரில் அதற்கு மேல்: அடிப்படை மணிநேர ஊதியத்தின் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல். அவசர நிலைமையிலும் இது உண்டு.

அனுமதிக்கும் எல்லை: மாதத்துக்கு 72 மணி கூடுதல் நேரம்.

முழுத்தடை: நாளுக்கு 12 மணி. உட்பிரிவு (2)-ன் முதல் ஐந்து நிலைமைகளில் மட்டும் விலகும்.

தண்டனை, முதலாளிக்கு: இந்தப் பகுதிக்கு மாறாக வேலை வாங்கினாலோ, உரிய ஊதியம் கொடுக்கத் தவறினாலோ 5,000 வெள்ளி வரை அபராதம். மீண்டும் செய்தால் 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

தாள் சரியாக வேலை செய்கிறதா என்று அக்காள் மகனின் ஒரு வாரத்தையே போட்டுப் பார்த்தோம். அவனுக்கு அடிப்படைச் சம்பளம் மாதம் 2,100 வெள்ளி. ஐந்து நாள் வேலை. காலை எட்டு முதல் மாலை ஆறு வரை, நடுவில் ஒரு மணி நேரச் சாப்பாட்டு இடைவேளை. அந்த வாரம் புதன்கிழமை மேற்பார்வையாளர் கேட்டதால் இரவு ஒன்பது வரை இருந்தான்.

இடைவேளையைக் கழித்தால் நாளுக்கு ஒன்பது மணி நேரம். ஐந்து நாள் வாரம் என்ற உடன்பாடு இருப்பதால் மூன்றாம் வரம்புரைப்படி ஒன்பது சரி. ஆனால் ஐந்து ஒன்பது நாற்பத்தைந்து. வார வரம்பு நாற்பத்து நான்கில் நிற்கிறது. இந்த ஒரு மணி நேரம்தான் இத்தனை நாளும் யார் கண்ணிலும் படாமல் இருந்தது, ஏனென்றால் எல்லோரும் நாள் கணக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒப்பந்தமே நாற்பத்தைந்தைக் கட்டாயமாகக் கேட்பது சரியா என்பது ஒரு கேள்வி. அந்த ஒரு மணிக்கு ஒன்றரை மடங்கு கொடுத்தார்களா என்பது வேறு கேள்வி. இரண்டையும் தாளில் தனித்தனியாகக் குறித்துக் கொடுத்தேன்.

புதன்கிழமை மூன்று மணி நேரம் கூடுதல். அன்றைய மொத்தம் பன்னிரண்டு. வார மொத்தம் நாற்பத்தெட்டு. நாள் கணக்கில் மூன்று, வாரக் கணக்கில் நான்கு என்று எழுதி ஏழு மணி நேரத்துக்கு ஓவர்டைம் கேட்கலாமா என்றான். அப்படியில்லை, புதன்கிழமையின் மூன்று மணி நேரம் வாரத்தின் நான்குக்குள் ஏற்கெனவே இருக்கிறது. ஒரே மணி நேரத்தை இரண்டு வரம்பும் பிடித்தாலும் ஊதியம் ஒருமுறைதான். எனவே நான்கு மணி நேரம்.

```
12 x 2100 / (52 x 44) = 25200 / 2288 = 11.014
11.014 x 1.5 = 16.52
16.52 x 4 = 66.08
```

அந்த வாரத்துக்கு 66 வெள்ளி 8 காசுக்குக் குறையாமல் வர வேண்டும். சம்பளச் சீட்டில் மூன்று மணி நேரத்துக்கான 49 வெள்ளி 56 காசு மட்டுமே இருந்தது. வித்தியாசம் 16 வெள்ளி 52 காசு. அதாவது சரியாக அந்த ஒரு மணி நேரம்.

அதே வேலையைச் செய்யும் ஒருவர் அன்று இரவு ஒன்பதரை வரை இருந்திருக்கிறார். பன்னிரண்டரை மணி நேரம். பணம் கொடுத்திருந்தாலும் உட்பிரிவு (8)-ஐத் தாண்டியாயிற்று, முதல் ஐந்து நிலைமைகளில் ஒன்று இருந்தாலொழிய. கொள்கலன் தாமதமாக வந்தது என்று காரணம் சொன்னார்களாம். அது முன்கூட்டியே அறிய முடியாத தடங்கல் ஆகுமா? வாரந்தோறும் தாமதமாக வரும் கொள்கலன் என்றால் அப்படிச் சொல்வது கடினம். ஒருமுறை புயலால் நின்ற கப்பல் என்றால் வேறு. இதை என் தாள் தீர்க்காது. இப்படி உண்மைகளைப் பார்த்து முடிவெடுக்க வேண்டிய சொற்களுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, "என்ன நடந்தது என்று தேதியோடு எழுதி வைக்க" என்று சேர்த்தேன். நாள், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், கேட்டவர் யார், சொன்ன காரணம் ஆகியவை இல்லாமல் மனிதவள அமைச்சிடம் போனாலும் பேச்சு நகராது.

இதற்கெல்லாம் ஆன செலவு நான்கு நிறப் பேனாக்களும் சில தாள்களும். நேரம்தான் அதிகம் போயிற்று; அதில் பாதி எழுத்தாக்கத்தைத் திருத்துவதில். அடுத்த முறை வேறு பிரிவு ஒன்றைப் பட்டியலாக்கினால் வரிசையை மாற்றுவேன். படத்தின் மேல்விளிம்பில் பதிப்பைப் பார்த்து, நடப்பு உரையை முதலிலேயே எடுத்துவிடுவேன். படத்தை முழுதும் எழுத்தாக்காமல் இரண்டும் வேறுபடும் இடங்களை மட்டும் கண்ணால் தேடுவேன். பிறகு அந்தப் பகுதியின் முதல் பிரிவையும் கடைசிப் பிரிவையும் திறப்பேன். யாருக்கு என்பது முதலிலும், தண்டனை கடைசியிலும் இருப்பது இந்தச் சட்டத்தின் நான்காம் பகுதியில் அப்படியே பொருந்தியது. வரம்புரைக்கும் விதிவிலக்குக்குமான கட்டத்தைத் தொடக்கத்திலேயே வரைந்து, படிக்கப் படிக்க நிரப்புவேன். எஃப் கூறு விடுபட்டிருப்பதை அந்தக் கட்டம் முதல் வாசிப்பிலேயே காட்டியிருக்கும்.

தாளின் கீழே நடப்பு உரையை எடுத்த தேதியைப் போட்டிருக்கிறேன். சம்பள உச்சம் அடுத்து மாறும்போது முதல் வரி மட்டும் மாற வேண்டும். அதற்காக அதைத் தனித் துண்டுத் தாளில் எழுதி மேலே ஒட்டியிருக்கிறேன்.